சேர்ல ஈக்வடோரியல் கோடு எந்தப் பக்கம் சாயணும்? மார்க் போயிட்டே இருக்கு

சாய்வுக்கோடு
பிஎஸ்சி செகண்ட் இயர். இன்டர்னல்ல சைக்ளோஹெக்சேன் சேர் ஃபார்ம் வரைஞ்சு 12 ஹைட்ரஜனையும் ஆக்சியல், ஈக்வடோரியல்னு குறிக்கச் சொன்னாங்க. ஆக்சியல் ஆறுக்கும் டிக் விழுந்திருச்சு, நேரா மேல நேரா கீழன்னு மாத்தி மாத்தி போட்டா போதும்ல, அதுல ஒண்ணும் பிரச்சினை இல்ல. ஈக்வடோரியல் எல்லாத்தையும் வெளிப்பக்கமா கிட்டத்தட்ட படுக்கைக் கோடாதான் போட்டேன், புத்தகத்துலயும் "வளையத்தோட தளத்துல இருக்கும்"னுதானே போட்டிருக்கு. ஆனா நடுவுல இருக்கற ரெண்டு கார்பன்ல போட்டதை மட்டும் சுழிச்சு விட்டிருக்காங்க, ஏன்னு எழுதல. எந்தக் கோடு எந்தப் பக்கம் சாயும்னு மனப்பாடம் பண்ணாம கண்டுபிடிக்க வழி இருக்கா? அப்படியே போட் ஃபார்ம்லயும் இதெல்லாம் குறிக்கணுமா?

கடைசி பெஞ்ச்
ப்ரோ சிம்பிள். ஆக்சியல் மேல போனா ஈக்வடோரியல் லேசா கீழ சாயணும், ஆக்சியல் கீழ போனா ஈக்வடோரியல் லேசா மேல. அவ்ளோதான். நான் இதை வச்சே மூணு செமஸ்டர் ஓட்டிட்டேன்.

சாய்வுக்கோடு
அதைத்தான் ப்ரோ செஞ்சேன். லேசாத்தான் சாய்ச்சேன். அப்படியும் நடு ரெண்டும் தப்பாம்.

பழைய லேப்கோட்
கடைசி பெஞ்ச் சொல்ற மேல கீழ விதி சரி. தப்பு அந்த "லேசா"ங்கற வார்த்தைல இருக்கு. நாலு கார்பன்லதான் லேசா சாயும், மீதி ரெண்டுல நல்லாவே செங்குத்தா சாயும். தம்பிக்கு சுழிச்சது அந்த ரெண்டாத்தான் இருக்கும்.

கட்டம் போட்ட கணக்கு நோட்டு எடுத்துக்கப்பா. இடது ஓரத்துல ஒரு புள்ளி வை, அதான் 0,0. முதல் எண் வலப்பக்கம் எத்தனை கட்டம், ரெண்டாவது எண் மேல எத்தனை கட்டம். இப்ப 1,2-லேர்ந்து 5,1 வரைக்கும் ஒரு கோடு. அதுக்கு இணையா, கொஞ்சம் வலது தள்ளி கீழ, 3,1-லேர்ந்து 7,0 வரைக்கும் இன்னொரு கோடு. ரெண்டு கோட்டோட இடது முனையையும் 0,0-ல கொண்டுபோய் சேரு, வலது முனை ரெண்டையும் 8,2-ல சேரு. சேர் வந்திருச்சு. இப்ப கவனிச்சுப் பாரு, ஆறு பாண்டுல மூணு ஜோடி இருக்கும், எதிரெதிர் பாண்டு ரெண்டும் அச்சா இணை. இந்த இணை தப்பினா அடுத்து எது போட்டாலும் கோணலாத்தான் வரும்.

வலது நுனி 8,2-ஐ கார்பன் 1-னு வச்சுக்க. கடிகாரம் சுத்தற பக்கமா போனா 7,0 கார்பன் 2, 3,1 கார்பன் 3, இடது நுனி 4, 1,2 கார்பன் 5, 5,1 கார்பன் 6. ஒத்தைப்படை எல்லாம் மேல் கார்பன், இரட்டைப்படை எல்லாம் கீழ் கார்பன். மேல் கார்பன்ல ஆக்சியல் மேல, கீழ் கார்பன்ல ஆக்சியல் கீழ, எல்லாமே நட்ட கோடு.

ஈக்வடோரியலுக்கு விதி ஒண்ணே ஒண்ணுதான். எந்தக் கார்பன்ல போடறியோ அதைத் தொட்டுட்டு இருக்கற ரெண்டு பாண்டையும் விட்டுரு, அதுக்கு அடுத்து இருக்கற பாண்டுக்கு இணையா வெளிப்பக்கம் போடு. கார்பன் 1-ஐத் தொடறது 1-2, 1-6. அதை விட்டா அடுத்தது 2-3, இந்தப் பக்கம் 5-6. அந்த ரெண்டும் ஏற்கனவே ஒண்ணுக்கொண்ணு இணை. அதனால கார்பன் 1-லேர்ந்து வலப்பக்கம் 2 கட்டம், கீழ அரைக்கட்டம். லேசான சாய்வு, நீ போட்ட மாதிரியேதான்.

இப்ப கார்பன் 3-க்கு வா. தொடறது 2-3, 3-4. விட்டா அடுத்தது 1-2, 4-5. அது ரெண்டும் நெட்டுக்குத்தா நிக்கற பாண்டு, ஒரு கட்டம் பக்கவாட்டுல போனா ரெண்டு கட்டம் ஏறும். அப்ப கார்பன் 3-ஓட ஈக்வடோரியல் இடப்பக்கம் 1 கட்டம், கீழ 2 கட்டம். கார்பன் 6-ல அதோட நேர் எதிர், வலப்பக்கம் 1, மேல 2. இந்த ரெண்டைத்தான் நீ படுக்க வச்சிருப்ப.

சாய்வுக்கோடு
ஆமா சார் அச்சு அசல் அந்த ரெண்டுதான்!! ஆனா ஒரு சந்தேகம், 6-ல மேல 2 கட்டம் ஏறினா அது ஆக்சியல் மாதிரி தெரியாதா? ஆக்சியல்னா மேல கீழ, ஈக்வடோரியல்னா பக்கவாட்டுன்னு தானே சொல்லிக் கொடுத்தாங்க.

பழைய லேப்கோட்
தாள்ல தெரியற சாய்வு நாம எந்தக் கோணத்துலேர்ந்து பாக்கறோம்ங்கறதால வர்றது. 3 நம்ம பக்கம் முன்னால இருக்கு, 6 அந்தப் பக்கம் பின்னால இருக்கு. 6-ஓட ஈக்வடோரியல் உண்மைல நம்மள விட்டு விலகிப் பின்னால போகுது, கொஞ்சம் மேலேர்ந்து பாக்கறதால தாள்ல அது ஏறுற மாதிரி விழுது. பக்கத்துலயே 6-ஓட ஆக்சியல் நேரா கீழ இறங்கும், அதனால குழப்பம் வராது. மாடல் கிட் இருந்தா ஒரு சேர் செஞ்சு கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழ பிடிச்சுப் பாரு.

இணையா போடறதுக்கும் காரணம் இருக்கு. ஒரு கார்பன்ல இருக்கற ஈக்வடோரியலும் அடுத்த கார்பனைத் தாண்டின வளைய பாண்டும் ஒண்ணுக்கொண்ணு ஆன்ட்டி, நடுவுல இருக்கற பாண்டோட சேர்த்துப் பாத்தா நீட்டின இசட் மாதிரி இருக்கும். உன் படத்துல எல்லா ஈக்வடோரியல்லயும் அந்த இசட் தெரியுதான்னு பாரு, தெரியலன்னா அந்தக் கோடு தப்பு. திருத்தறவங்களும் பல பேர் அதைத்தான் பாப்பாங்க.

டிராப்பர்
நானும் இதே மாதிரி மாட்டினேன், குளுக்கோஸ்ல ஆல்ஃபா பீட்டா எதுன்னு. ஹாவொர்த்துல கீழ இருந்தா ஆல்ஃபான்னு எழுதிட்டு வந்தேன், சேர்ல வரைஞ்சதும் எல்லாம் மாறிப்போச்சு. உங்களுக்கும் அதானே பிரச்சினை? ஹாவொர்த் வரைஞ்சுக்கிட்டு அப்புறமா சேருக்கு மாத்துங்க.

சாய்வுக்கோடு
இல்ல அண்ணா, இது வெறும் சைக்ளோஹெக்சேன், ஆக்சிஜனே இல்ல. ஆல்ஃபா பீட்டா எல்லாம் இன்னும் எடுக்கல.

டிராப்பர்
ஓ சரி சரி. ஆனா பீட்டா குளுக்கோஸ்ல எல்லாமே ஈக்வடோரியல்னு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க, எப்பவாவது உதவும்.

மதுரை பென்சில்
கெம்ட்ரால டெம்ப்ளேட் இருக்கே, ஏன் இவ்ளோ கஷ்டப்படறீங்க.

சாய்வுக்கோடு
எக்ஸாம் ஹால்ல லேப்டாப் விடமாட்டேங்கறாங்க ப்ரோ 😄

கடைசி பெஞ்ச்
சரி சார் சாய்வு மேட்டர் ஓகே. ஆனா ரிங் ஃப்ளிப்புக்கு இவ்ளோ யோசிக்க வேணாம்ல? வரைஞ்ச படத்தை கண்ணாடில பாத்தா எப்படி இருக்குமோ அப்படி இட வலம் மாத்தி வரைஞ்சா ஃப்ளிப் ஆன சேர். நான் அப்படித்தான் போடுவேன்.

நைட் ஸ்டடி
கண்ணாடி எதுக்கு, தாளையே தலைகீழா திருப்பிக்கலாம்னு எங்க க்ளாஸ்ல ஒருத்தன் சொன்னான்.

பழைய லேப்கோட்
நைட் ஸ்டடி க்ளாஸ்மேட் சொன்னது வேலைக்கே ஆகாது. மேல சொன்ன அதே படத்தை தாளோட தலைகீழா திருப்பிப் பாருங்க, கோடுகள் மறுபடி அதே இடத்துலதான் வந்து உக்காரும். ஆக்சியல் ஆக்சியலாவே இருக்கும். மூலக்கூறைத் திருப்பிப் பிடிச்சிருக்கீங்க, அவ்வளவுதான், அது ஃப்ளிப் இல்ல.

கடைசி பெஞ்ச் சொல்றதுல வளையம் மட்டும் சரி. வெறும் வளையத்தை இட வலம் மாத்தினா ஃப்ளிப் ஆன சேரோட எலும்புக்கூடு கிடைக்கும். ஆனா க்ரூப்பையும் சேர்த்துக் கண்ணாடில பாத்தா ஆக்சியல் மெத்தில் ஆக்சியலாவேதான் தெரியும், நமக்கு வேண்டியது அது ஈக்வடோரியலா மாறணும். அதனால ஃப்ளிப்புல வளையத்தை மட்டும் மாத்து, நம்பர் போடு, அப்புறம் ஒவ்வொரு க்ரூப்பையும் புதுசா வை. வைக்கும்போது ஒண்ணு மட்டும் மாறவே கூடாது: மேல் பக்கம் இருந்தது மேல் பக்கமேதான் இருக்கணும். ஆக்சியல் மேல இருந்தது ஈக்வடோரியல் மேல ஆகும், ஈக்வடோரியல் கீழ இருந்தது ஆக்சியல் கீழ ஆகும்.

கடைசி பெஞ்ச்
இருங்க சார். அப்ப சிஸ்னா ரெண்டும் ஒரே மாதிரி, அதாவது ரெண்டும் ஈக்வடோரியல் இல்ல ரெண்டும் ஆக்சியல், ட்ரான்ஸ்னா ஒண்ணு இது ஒண்ணு அதுன்னு எழுதினா சரிதானே? அப்படித்தான் நோட்ஸ்ல இருக்கு.

பழைய லேப்கோட்
உங்க நோட்ஸ்ல அதுக்கு மேல 1,3-னு ஏதாவது தலைப்பு இருக்கான்னு பாருங்க. 1,3-க்கு அது சரி. 1,2-க்கும் 1,4-க்கும் அப்படியே உல்டா. சிஸ்னா ரெண்டும் வளையத்தோட ஒரே பக்கம்னு மட்டும்தான் அர்த்தம், ஆக்சியலா ஈக்வடோரியலாங்கறது எந்தக் கார்பன்ல உக்காந்திருக்குங்கறதைப் பொறுத்தது.

ஒண்ணைப் போட்டே பாத்துரலாம். சிஸ்-1-டெர்ட்-பியூட்டைல்-4-மெத்தில் சைக்ளோஹெக்சேன். ரெண்டும் மேல் பக்கம்னு வச்சுக்குவோம்.

முதல் சேர், மேல சொன்ன கட்டத்துல உள்ளது. கார்பன் 1 மேல் கார்பன், அங்க மேல் பக்கம் போற இடம் ஆக்சியல். அதனால டெர்ட்-பியூட்டைல் நட்டக்குத்தா ஆக்சியல்ல நிக்கும். கார்பன் 4 கீழ் கார்பன், அங்க ஆக்சியல் கீழ போகுது, மேல் பக்கம் போற இடம் ஈக்வடோரியல், இடப்பக்கம் 2 கட்டம் மேல அரைக்கட்டம். மெத்தில் அங்க.

இப்ப ஃப்ளிப். வளையத்தை இட வலம் மாத்து. வலது நுனி இப்ப 8,0, அதான் கார்பன் 1, கீழ் கார்பன் ஆயிருச்சு. கார்பன் 2 வந்து 5,1. கார்பன் 3 1,0. கார்பன் 4 இடது நுனி 0,2, இப்ப மேல் கார்பன். கார்பன் 5 3,1, கார்பன் 6 7,2. டெர்ட்-பியூட்டைல் மேல் பக்கமே இருக்கணும், ஆனா கார்பன் 1-ல ஆக்சியல் இப்ப கீழ போகுது, அதனால அது ஈக்வடோரியலுக்கு வந்துருச்சு, வலப்பக்கம் 2 கட்டம் மேல அரைக்கட்டம். மெத்தில் கார்பன் 4-ல நேரா மேல, ஆக்சியல்.

ஆக எந்தச் சேர்ல பாத்தாலும் ஒண்ணு ஆக்சியல் ஒண்ணு ஈக்வடோரியல். சிஸ்-1,4-ல ரெண்டையும் ஈக்வடோரியல்ல வைக்கவே முடியாது. யார் ஆக்சியலுக்குப் போறதுங்கறதுதான் கேள்வி. ஆக்சியல் மெத்திலுக்கு சுமார் 1.7 கிலோகலோரி செலவு, ஏன்னா அதே பக்கம் ரெண்டு கார்பன் தள்ளி இருக்கற ரெண்டு ஆக்சியல் ஹைட்ரஜனோட முட்டுது. டெர்ட்-பியூட்டைல் ஆக்சியல்ல இருந்தா கிட்டத்தட்ட 5, ஏன்னா அதுல மூணு மெத்தில் இருக்கு, எப்படித் திருப்பினாலும் ஒண்ணு உள்பக்கம் பாத்து அந்த ஹைட்ரஜன் மேல ஏறி உக்காரும். வித்தியாசம் 3.2 கிட்ட. சாதா வெப்பநிலைல இது 200-க்கு 1-க்கும் மேல. அதனால ரெண்டாவது சேர்தான் விடை, மெத்தில் ஆக்சியல், டெர்ட்-பியூட்டைல் ஈக்வடோரியல்.

சாய்வுக்கோடு
அப்ப ட்ரான்ஸ்ல மெத்தில் கீழ் பக்கம், ரெண்டாவது சேர்ல கார்பன் 4 மேல் கார்பன், கீழ் பக்கம் போற இடம் ஈக்வடோரியல். ரெண்டுமே ஈக்வடோரியல். கரெக்டா?

பழைய லேப்கோட்
கரெக்ட். அதை ஃப்ளிப் பண்ணா ரெண்டும் ஆக்சியல், அந்தப் பக்கம் யாரும் இருக்கமாட்டாங்க.

நைட் ஸ்டடி
நடுவுல நுழையறேன், எனக்கு மெந்தால் அசைன்மென்ட். OH கார்பன் 1, ஐசோப்ரொப்பைல் 2, மெத்தில் 5. OH-ம் ஐசோப்ரொப்பைலும் ட்ரான்ஸ், OH-ம் மெத்திலும் சிஸ். உங்க கட்டத்துல போட்டேன், OH கார்பன் 1-ல கீழ்ப்பக்க ஈக்வடோரியல், ஐசோப்ரொப்பைல் 2-ல மேல்பக்க ஈக்வடோரியல், மெத்தில் 5-ல கீழ்ப்பக்க ஈக்வடோரியல். மூணுமே ஈக்வடோரியலா வந்திருச்சு. இவ்ளோ சுத்தமா வருமா இல்ல எங்கயாவது சொதப்பிட்டேனா?

பழைய லேப்கோட்
சொதப்பல. மெந்தால் அப்படித்தான், மூணும் ஈக்வடோரியல். OH-ஐ மட்டும் எதிர்ப்பக்கம் மாத்தினா நியோமெந்தால், அதுல OH மட்டும் ஆக்சியல். ஆனா நீங்க வரைஞ்சது சிஸ் ட்ரான்ஸ் வரைக்கும்தான் சரின்னு சொல்ல முடியும், இயற்கைல கிடைக்கற மெந்தாலா இல்ல அதோட கண்ணாடி பிம்பமாங்கறதை ஆர் எஸ் போட்டுத்தான் பாக்கணும்.

சாய்வுக்கோடு
சார் போட் விட்டுப் போச்சு 🙏

மலைக்கோட்டை கெமிஸ்ட்ரி
போட்டுக்கு நான் சொல்றேன், பேப்பர் திருத்தற ஆள்தான். மேல சொன்ன சேர்ல இடது நுனியை மட்டும் மேல தூக்கினா போட். வரையும்போது நடுவுல இருக்கற ரெண்டு இணை கோட்டையும் சாய்க்காம படுக்கையாவே போடுங்க, அந்த நாலு கார்பனும் ஒரே தளத்துல இருக்கு. ரெண்டு நுனியும் மேல.

மாணவர்கள் தவறாம செய்யற ஒண்ணு என்னன்னா, சேர் கைப்பழக்கத்துல அடித்தள கார்பன்லயும் மேல கீழ மேல கீழன்னு மாத்தி மாத்தி நட்ட கோடு போடுவாங்க. போட்ல அது கிடையாது. அடித்தளத்து நாலு கார்பன்லயும் ஒரு கோடு கீழ, இன்னொண்ணு வெளிப்பக்கம். பக்கத்துப் பக்கத்து கார்பன் 2-லயும் 3-லயும் இருக்கற கோடுகள் ஒண்ணுக்கொண்ணு இணையா ஒரே திசைல போகணும், அதான் எக்ளிப்ஸ்ட். அது படத்துல தெரியலன்னா போட் ஏன் சேரைவிட நிலைப்பு குறைவுன்னு கீழ எழுதற வாக்கியத்துக்கும் படத்துக்கும் சம்பந்தமே இருக்காது. ரெண்டாவது காரணம் நுனி ரெண்டுலயும் உள்பக்கமா மேல பாக்கற ஹைட்ரஜன், ஃப்ளாக்போல்னு சொல்றது. அந்த ரெண்டுக்கும் இடைவெளி 1.8 ஆங்ஸ்ட்ராம்தான், முட்டாம இருக்கணும்னா 2.4 வேணும். அதனால அந்த ரெண்டு கோட்டையும் லேசா உள்பக்கம் சாய்ச்சுப் போடுங்க, வெளிப்பக்கம் விரிச்சுப் போட்டுட்டு "முட்டுது"ன்னு எழுதாதீங்க.

சாய்வுக்கோடு
நன்றி சார். அப்ப அதுல ஆக்சியல் ஈக்வடோரியல்னு எழுதணுமா?

மலைக்கோட்டை கெமிஸ்ட்ரி
எழுதினா நான் மார்க் குடுப்பேன். கீழ போறது ஆக்சியல், வெளிய போறது ஈக்வடோரியல்.

பழைய லேப்கோட்
இதுல நான் ஒத்துப்போக மாட்டேன். நுனி கார்பன்ல மேல பாக்கறதுக்கு ஃப்ளாக்போல், வெளிப்பக்கம் போறதுக்கு பௌஸ்ப்ரிட்னு தனிப் பேர் இருக்கு. அடித்தளத்துக்கு ஆக்சியல்னு போட்டா சேர்ல உள்ள ஆக்சியலும் இதுவும் ஒண்ணுங்கற மாதிரி ஆயிரும். சேர்ல ஆக்சியல்னா வளையத்தோட அச்சுக்கு இணையா ஆறும் ஒரே மாதிரி, போட்ல அப்படி ஆறு கிடையாதே. அதுமில்லாம சுத்தமான போட்ங்கறது ஒரு முகடுதான், கொஞ்சம் முறுக்கினா ட்விஸ்ட் போட்டுக்கு இறங்கிரும், அது சேரைவிட சுமார் 5.5 கிலோகலோரி மேல, போட் அதுக்கும் ஒண்ணு ஒண்ணரை மேல.

மலைக்கோட்டை கெமிஸ்ட்ரி
தியரி சரி சார். ஆனா கேள்வித்தாள்ல "போட் வடிவத்தில் ஆக்சியல், ஈக்வடோரியல் குறிக்கவும்"னே வருது, பையன் என்ன பண்ணுவான்? திருத்தற விடைக்குறிப்புலயும் அப்படித்தான் இருக்கு.

பழைய லேப்கோட்
அப்ப கேள்வியைத்தான் திருத்தணும். பையன் ரெண்டையும் எழுதட்டும், நுனில ஃப்ளாக்போல் பௌஸ்ப்ரிட், அடித்தளத்துல அவங்க கேக்கறது.

கடைசி பெஞ்ச்
எங்க காலேஜ்ல நுனி ரெண்டுக்கு மட்டும் பேர் எழுதினா போதும், மீதிக்கு சும்மா H போட்டாலே விட்டுருவாங்க. ஆளாளுக்கு ஒரு ரூல்.

சாய்வுக்கோடு
கட்டம் போட்ட நோட்டுல வரைஞ்சு போட்டோ போட்டிருக்கேன், பாத்து சொல்லுங்க. ஈக்வடோரியல் ஆறுலயும் இசட் தெரியுது. போட்ல ரெண்டு பேரையும் எழுதிட்டேன், எது எடுத்துக்கறாங்களோ எடுத்துக்கட்டும்.

பழைய லேப்கோட்
பாத்தேன். சாய்வு எல்லாம் சரி. ரெண்டு இடத்துல மட்டும் கோடு கோட்டுக்கு மேல ஓடுது. 3-ஓட ஆக்சியல் மேல போகும்போது பின்னால இருக்கற 5-6 பாண்டைக் குறுக்க வெட்டுது, அது முன்னால இருக்கற கோடு, அதனால 5-6-ல அந்த இடத்துல ஒரு சின்ன இடைவெளி விடு. 6-ஓட ஆக்சியல் கீழ வரும்போது முன்னால இருக்கற 2-3 பாண்டை வெட்டுது, அங்க பாண்டு முழுசா இருக்கணும், ஆக்சியல்ல இடைவெளி விடணும். ரெண்டையும் விடாம போட்டா நடுவுல ரெண்டு புது கார்பன் முளைச்ச மாதிரி இருக்கு.

நைட் ஸ்டடி
ஐயோ என் மெந்தால் படத்துலயும் அந்த ரெண்டு இடமும் அப்படியேதான் இருக்கு, நாளைக்கு சப்மிஷன். இங்க்ல வரைஞ்சிட்டேன், ஒயிட்னர் போட்டா எடுத்துப்பாங்களா?

மதுரை பென்சில்
அதான் கெம்ட்ரான்னேன்.